என் சாட்சிக்காக ஜெனி மறைத்த காயம்

என்னோடு சேர்ந்து ஜெபித்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இது நான் சொல்லும் இரண்டாவது சாட்சி. போன ஞாயிறு சபையில் வாயால் சொன்னதை இப்போது எழுதித் தருகிறேன். முதலாவதை நம் சபையில் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கைகூடத் தட்டினீர்கள். அது பொய். பொய் சொல்ல வேண்டும் என்று எழுந்து நிற்கவில்லை. நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை, நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக என் ஏழு வயது மகள் காலில் கண்ணாடித் துண்டோடு மூன்று நாள் நடந்தாள்.

என் பெயர் ஸ்டெல்லா. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எட்டு வருடமாக வேலை. மெஷினிலிருந்து வரும் பாகத்தின் ஓரத்தில் தேவையில்லாத பிசிறு இருக்கும். அதைக் கத்தியால் சீவி எடுப்பது என் வேலை. வீட்டுக்காரர் சாமுவேல் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே பெண், ஜெனி. புதுவாயலில் மெயின்ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வாடகை வீடு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

என்ன பயம் என்றால், நான் என் அம்மாவாக மாறிவிடுவேனோ என்ற பயம். அம்மா இப்போது இல்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் என்னை அடித்ததே கிடையாது. கோபம் வந்தால் பேச மாட்டார். ஒருநாள் அல்ல, நாலு நாள், ஐந்து நாள். தட்டில் சோறு வைப்பார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். ஒன்பது வயதில் நான் வீட்டைப் பெருக்கி, பாத்திரம் தேய்த்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நிற்பேன். ஒரு வார்த்தை வருமா என்று பார்ப்பேன். வராது. நான் தாயாகும்போது இப்படிச் செய்ய மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன். அதை ஆண்டவரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஜெனிக்கு ஆறு வயது வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அவள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம் மழை பிடித்த நேரம். அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு முதல் ஷிஃப்ட். விடியும் முன் பஸ் ஏறி, மூன்று மணிக்கு வீடு வந்திருந்தேன். நாலு மணிக்கு ஜெனி வந்தாள். ஒரு காலில்தான் ஷூ இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை கேட்கும்போது என் காது இரண்டும் கொதித்தன. அவள் கையைப் பிடித்தேன். பிடித்தது தெரியும், எவ்வளவு அழுத்தினேன் என்பது தெரியாது. "வாயத் தொறந்து சொல்லு" என்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் வீறிட்டதும்தான் விட்டேன். சின்னக் கையில் என் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. கோபம் இறங்கியவுடன் உள்ளே எல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்தால் அந்த விரல் தடம் தெரியும். சமைத்தேன், தட்டில் போட்டேன், நகர்த்தி வைத்தேன். "அம்மா, கோவமா கீறியா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன், பேசாமல் இருப்பது அந்த நேரத்தில் சுகமாக இருந்தது. பழகின வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் ஜெனி தானே எழுந்து, தானே பல் தேய்த்து, யூனிஃபார்மை மடித்து வைத்துவிட்டு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சாமுவேலுக்கு ஒரே சந்தோஷம். "இன்னா ஸ்டெல்லா, புள்ள ஒரே நாள்ல பெரிய மனுஷி ஆயிட்டா பாரு, எவ்ளோ பொறுப்பு!" என்றார். அவருக்கு அது பொறுப்பு. எனக்கு அது பொறுப்பாகத் தெரியவில்லை. அந்த டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றது ஒன்பது வயது நான்.

அன்றிலிருந்து என்னையே நான் வேவு பார்த்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே இன்றைக்குக் கோபம் வருமா என்று கேட்டுக்கொள்வேன். வரவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். வரும். பத்து நாளைக்கு ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை. பிறகு அந்தச் சில்லிப்பு. அடுத்த நாள் மகளின் பொறுப்பு. சாமுவேலிடம் சொன்னேன். "ஐய, பெத்தவ ரெண்டு சத்தம் போட்டா இன்னா குடி முழுகிடும்? சும்மா பேஜாரு பண்ணிக்காத" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். அவர் அம்மா கத்திவிட்டு அடுத்த நிமிடம் மடியில் இழுத்துப் போட்டுக்கொள்பவர். பேசாத அம்மா எப்படி இருப்பார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வேறு வழி தெரியாமல் உபவாசம் எடுத்தேன். ஏற்கனவே வெள்ளிக்கிழமை உபவாசம் உண்டு, ஆனால் மதியம் முடித்துவிடுவேன். இப்போது மாலை ஆறு மணி வரை நீட்டினேன். தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பிசிறு சீவிக்கொண்டே மனதுக்குள் ஒரே ஜெபம். "ஆண்டவரே, என் கோபத்தை எடுத்துப் போடும். நான் இனிமேல் கோபப்பட மாட்டேன்." நாலு வாரம் ஒன்றும் வரவில்லை. எனக்கு ஒரே பரவசம். ஐந்தாவது ஞாயிறு சபையில் எழுந்து நின்று, "கர்த்தர் என் கோபத்தை வேரோடு எடுத்துப் போட்டார், என் வீட்டில் இனி கோபம் இல்லை" என்று சாட்சி சொன்னேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெனிதான் முதலில் கை தட்டினாள்.

அந்த நாலு வாரத்தில் மூன்று வாரம் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். ஆள் குறைவு என்று தொடர்ந்து அதையே போட்டிருந்தார்கள். ஜெனி பள்ளி விட்டு வரும் நேரத்தில் நான் வீட்டிலேயே இல்லை. சாமுவேல்தான் காலை ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டார். கோபம் வர ஆளே எதிரில் இல்லை. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாட்சி சொன்ன அடுத்த வாரம் மறுபடி முதல் ஷிஃப்ட். புதன்கிழமை ஜெனி லேசாக விந்தி நடப்பதைப் பார்த்தேன். கேட்டேன். "ஒண்ணுல்லமா, ஷூ கடிச்சிடுச்சி" என்று உடனே பதில் வந்தது. பதில் வந்ததே என்று நிம்மதியாகிவிட்டேன். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தாள். வெள்ளிக்கிழமை மாலை அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. சாக்ஸைக் கழற்றினேன். குதிகால் வீங்கி, நடுவில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, உள்ளேயிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். பச்சரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. "இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தா கால் முழுக்க ஏறியிருக்கும்மா. புள்ள வலின்னு சொல்லவே இல்லியா?" என்று கேட்டார்.

கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கத்தாமல், அழாமல் கேட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை நான் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தபோது, சர்க்கரை எடுக்க அலமாரியில் ஏறி, பழைய ஊறுகாய் பாட்டிலைத் தள்ளி உடைத்திருக்கிறாள். துண்டுகளைப் பேப்பரில் சுற்றி ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டு போய்க் குப்பையில் எறிந்திருக்கிறாள். ஒன்று காலில் தங்கிவிட்டது.

"ஏன்டி கண்ணு, என்கிட்ட சொன்னா இன்னா?"

"சொன்னா உனுக்குக் கோவம் வந்துடும்."

"வந்தா?"

"கர்த்தர் எடுத்துட்டாருன்னு சர்ச்ல எல்லார் முன்னாடியும் சொன்னியே. கோவம் வந்துட்டா உன் சாட்சி பொய்யாயிடும் இல்ல? அதான் சொல்லல."

அந்த பெஞ்சிலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. என் கோபத்துக்கு மட்டும் அவள் பயந்திருந்தால் அது ஒரு பயம். என் பெயரையும் ஆண்டவர் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றும் வேலையை ஒரு குழந்தை காலில் ஏற்றி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் ஜெபம் மாறிவிட்டது. கோபத்தை எடுத்துவிடும் என்று கேட்கவில்லை. "ஆண்டவரே, என் பிள்ளை ஒரு தப்பு செய்துவிட்டு, பயப்படாமல் என்னிடம் வந்து அவளே சொல்ல வேண்டும். அந்த ஒருநாளை எனக்குக் காட்டும். வேறொன்றும் வேண்டாம்" என்று கேட்டேன்.

பதில் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கம்பெனியிலிருந்து வந்தது. எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டால் மட்டும் அல்ல, அடிபடப் பார்த்துத் தப்பித்தாலும் ஒரு அட்டையில் எழுதிப் போட வேண்டும். அந்த வாரம் தூக்கமில்லாமல் என் கத்தி நழுவி கிளவுசைக் கிழித்துவிட்டது. எழுதினேன். 'இனி என்ன செய்வீர்கள்' என்ற கட்டத்தில், எல்லாரும் எழுதுவதுபோல, 'இனி கவனமாக வேலை செய்வேன்' என்று போட்டேன். பாதுகாப்பைக் கவனிக்கும் சேஃப்டி சார் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, எட்டு வருசமா கீற. 'கவனமா இருப்பேன்'னு எழுதுறது ஒரு நடவடிக்கையா? கவனம் போனதாலதானே கத்தி நழுவுச்சி? மணி இன்னா, அதுக்கு முன்ன இன்னா நடந்துச்சி, கத்தி மொக்கையா, நீ சாப்ட்டியா இல்லியா, அத்த எழுது. மாத்த முடிஞ்சது எதுனா அதுலதான் கெடைக்கும்."

பேனாவை எடுத்தபோதுதான் உறைத்தது. இத்தனை மாதமாக ஆண்டவரிடம் நான் நீட்டிக்கொண்டிருந்தது இதே அட்டையைத்தான். இனி கோபப்பட மாட்டேன், இனி கோபப்பட மாட்டேன். மணி என்ன என்று ஒருநாளும் எழுதவில்லை.

ஜெனியின் பழைய நோட்டு ஒன்றில் நினைவில் இருந்த ஒவ்வொன்றையும் எழுதினேன். எல்லாமே முதல் ஷிஃப்ட் வாரங்களில். எல்லாமே நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில். மதியச் சாப்பாட்டை கேன்டீனில் அவசரமாகக் கொறித்துவிட்டு, விடிகாலையிலிருந்து நின்ற கால் வலியோடு இருக்கும் நேரம். பாதிக்கு மேல் வெள்ளிக்கிழமைகள். கோபம் போக வேண்டும் என்று எந்த நாளின் உபவாசத்தை நீட்டினேனோ, அந்த நாளில்தான் கோபம் வந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அவள் பாலைக் கொட்டினால் எனக்கு வரவில்லை, நோட்டைத் தொலைத்தால் வரவில்லை. கேள்வி கேட்டு அவள் பதில் சொல்லாமல் நிற்கும்போதுதான் வந்தது. அவள் பயத்தில் வாய் மூடி நின்றாள். எனக்கோ அது அம்மாவின் மௌனமாகக் கேட்டது. ஆறு வயதுப் பிள்ளை என்னோடு பேச மறுக்கிறாள் என்று என் உடம்பு நம்பிவிட்டது.

எங்கள் பாஸ்டரின் மனைவி பாஸ்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சாட்சி பொய்யானதையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்தேன். தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "பைத்தியம், வேலைக்குப் போறவள வயித்தக் காய வெச்சிக்கினு புள்ள மேல பாய சொல்லி ஆண்டவர் கேட்டாரா? உன் லீவு நாள்ல, புள்ள தூங்கி எழறதுக்குள்ள உபவாசத்த முடிச்சுக்கோ. வெள்ளிக்கிழம மூணு மணிக்கு நாஷ்டா எதுனா துன்னுட்டு அப்புறம் அவ மூஞ்சில முழி" என்றார். அன்று அவர் கையாலேயே இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். ஜெனி வருவதற்குள் சாப்பிட்டு, பத்து நிமிடம் காலை நீட்டிப் படுப்பேன். அவள் வாய் மூடி நின்றால், கேள்வியை மூன்றாவது தடவை கேட்பதில்லை. "இப்போ சொல்ல வேணாம், அப்புறமா சொல்லு" என்று விட்டுவிடுவேன். அப்படியும் காது சூடாகும். அப்போது வாய்விட்டுச் சொல்வேன்: "அம்மாவுக்குக் காது சூடாவுது. குழாய்ல மூஞ்சி கழுவிக்கினு வரேன்." முன்பும் நான் விலகித்தான் போனேன். திரும்பி வரவில்லை, அதுதான் வித்தியாசம். இப்போது போனால் வந்தாக வேண்டும் என்று எனக்கு நானே கட்டளை. சில்லென்று உள்ளே கதவு சாத்திக்கொண்டு கிடக்கும்போது அவள் பக்கத்தில் போய் உட்கார்வது, கத்தாமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. பல நாள் வாசற்படியில் நின்று "இயேசப்பா, நாலு அடி நடக்க வையும்" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன்.

மன்னிப்புக் கேட்பதிலும் முதலில் தவறினேன். ஒருநாள் கத்திவிட்டு, அவள் முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்து, "பரவால்லமா, நான் இனிமே நல்ல புள்ளயா இருக்கிறேன்" என்றாள். என் பாரத்தை மறுபடி அவள் தலையில் வைத்துவிட்டேன் என்று அப்போது புரிந்தது. அடுத்த முறை அழவில்லை. "நீ தண்ணிய சிந்துனத நீ துடைச்சிடு. அம்மா கத்துனது அம்மா தப்பு. அது உன்னால இல்ல" என்று சொன்னேன், அவ்வளவுதான். அவள் நம்பாமல் பார்த்தாள். மாதக்கணக்கில் அப்படித்தான் பார்த்தாள். தண்ணீர் டம்ளரும் நிற்கவில்லை. ஒவ்வொரு டம்ளரும் எனக்கு, இது சரியாகுமா, காலம் தாண்டிவிட்டதா என்ற பயத்தைத்தான் கொண்டுவந்தது.

இந்த வருடம் பள்ளி திறந்து இரண்டு வாரம் இருக்கும். முதல் ஷிஃப்ட் முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். ஜெனி வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். அவள் கை ஈரமாக இருந்தது. அதில் என் செல்போன், தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பாட்டு கேட்டுக்கினே குளிக்கலாம்னு எடுத்துக்கினு போனேன். பக்கெட்ல வுட்டுட்டேன்."

எழுந்து உட்கார்ந்தேன். காது இரண்டும் கொதித்தன. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பின்னால் ஒரு அடி நகர்ந்தாள், ஆனால் ஓடவில்லை.

"உனுக்குக் கோவம் வருதா?"

"வருது."

"வந்தா வரட்டும். மூஞ்சி கழுவிக்கினு வந்துடுவ இல்ல?"

"வந்துடுவேன்" என்றேன். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன். அந்தத் தண்ணீரிலேயே அழுதும் முடித்தேன், அவள் பார்க்காமல். நான் கேட்ட அந்த ஒருநாள் என் வீட்டுக்குள் வந்து, சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் பிழைக்கவில்லை. ஒரு வாரம் அவள் பாட்டுக் கேட்பது கிடையாது என்று முடிவு செய்தோம். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

சபையாரே, உங்களில் யாராவது பெற்றவர்களின் குணம் தன் கையில் எழுவதைப் பார்த்து நடுங்கிக்கொண்டு இருந்தால், மறைக்காதீர்கள். நான் மறைத்ததில் என் குழந்தைக்குக் காயம். ஆண்டவரிடம் மணி என்ன, சாப்பிட்டேனா, எதற்குக் கொதித்தேன் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். அவர் கேட்கிறார். எனக்குச் சேஃப்டி சார் வாயிலும் பாஸ்டரம்மாவின் இட்லியிலும் பதில் கொடுத்தார். உங்களுக்கு எங்கிருந்து கொடுப்பாரோ தெரியாது. கொடுப்பார் என்று மட்டும் தெரியும். என் பயம் முழுக்கப் போகவில்லை. அந்தப் பயத்தோடுதான் தினமும் கதவைத் திறக்கிறேன்.

போன ஞாயிறு சபையில் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். முதல் சாட்சியைத் திரும்பப் பெற்றேன். எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் இந்த மாதத்தில் ஒரே ஒருமுறைதான் கத்தினேன் என்று சொல்லி உட்காரப் போனேன். முன் வரிசையிலிருந்து ஜெனி எழுந்தாள்.

"அம்மா, ரெண்டு தடவ. செவ்வாக்கிழம ஹோம்வொர்க்குக்குக் கத்துனியே, அத்த வுட்டுட்ட."

சபை முழுக்கச் சிரித்தது. பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மைக்கை மறுபடி வாங்கி, இரண்டு தடவை என்று திருத்திச் சொன்னேன்.